√z-க்கு ஏன் இரண்டு தாள்கள்? ஆதியை ஒருமுறை சுற்றினால் அவை இடம் மாறுவது எப்படி?

4-க்கு 2, −2 என இரண்டு வர்க்கமூலங்கள் உண்டு. பள்ளியில் மிகை மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு √4 = 2 என்று எழுதுகிறோம். மிகை மெய்யெண்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடு நன்றாகவே செல்லும். z சிறிது நகர்ந்தால் √z-ம் சிறிதே நகரும், எங்கும் திடீரென்று தாவாது.

கலப்பெண்களில் மிகை, குறை என்ற பிரிவே இல்லை. 4i-இன் மூலங்கள் 1.414 + 1.414i, −1.414 − 1.414i. இவற்றில் மெய்ப்பகுதி மிகையாக உள்ளதை எடுக்கலாம் என்று விதி வைக்கலாம்தான். ஆனால் −4-க்கு வந்ததும் மூலங்கள் 2i, −2i ஆகிவிடும். இரண்டிலும் மெய்ப்பகுதி பூச்சியம் என்பதால் விதி கைவிட்டுவிடும். விதியைக் கொஞ்சம் திருத்தினால் போதுமே என்று தோன்றும். எந்தத் திருத்தமும் ஏன் போதாது என்பதையும், அதற்கு மாற்றாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

## படி 1: ஒரு சுற்றைக் கணக்கிடுங்கள்

ஒரு கலப்பெண்ணை z = r·e^(iθ) என்று எழுதுவோம். r என்பது அதன் மட்டு, அதாவது ஆதியிலிருந்து அதன் தூரம். θ என்பது அதன் வீச்சு, அதாவது மெய் அச்சின் மிகைப் பக்கத்திலிருந்து அளந்த கோணம். வர்க்கமூலம் காண மட்டுக்கு மூலம் எடுத்து, கோணத்தைப் பாதியாக்க வேண்டும்: w = √r·e^(iθ/2). இனி நடக்கப்போவது எல்லாம் கோணம் பாதியாவதால் வரும் விளைவுதான்.

ஆதியை மையமாகவும் 4-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தில் z = 4-இல் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்வோம். தொடக்கத்தில் w = 2 என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் தேர்வுக்கே இடமில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் இரண்டு மூலங்களில், முந்தைய w-இலிருந்து தொடர்ச்சியாக வந்து சேரும் மூலத்தையே எடுக்க வேண்டும்.

| z-இன் கோணம் | z | w-இன் கோணம் | w |
|---|---|---|---|
| 0° | 4 | 0° | 2 |
| 90° | 4i | 45° | 1.414 + 1.414i |
| 180° | −4 | 90° | 2i |
| 270° | −4i | 135° | −1.414 + 1.414i |
| 360° | 4 | 180° | −2 |

z முழு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. w அரைவட்டம்தான் வந்திருக்கிறது, +2-இல் கிளம்பியது −2-இல் நிற்கிறது. வழியில் எந்த இடத்திலும் தாவல் இல்லை. இன்னொரு சுற்று போனால் z-இன் கோணம் 720°, w-இன் கோணம் 360° ஆகி, w மீண்டும் 2-க்கு வரும். தொடக்கத்தில் −2-ஐ எடுத்திருந்தால் முதல் சுற்றின் முடிவில் +2 கிடைத்திருக்கும். ஆக, ஆதியை ஒருமுறை சுற்றினால் இரண்டு மூலங்களும் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று போய்விடுகின்றன.

## படி 2: புத்திசாலித்தனமான வேறு தேர்வு இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்

மேலே உள்ளது ஒரு கணக்கு மட்டுமே. ஒவ்வொரு z-க்கும் ஒரே ஒரு மூலத்தை, வட்டம் முழுவதும் தாவலின்றித் தேர்ந்தெடுக்க ஏதாவது ஒரு தந்திரமான வழி இருக்காதா? இருக்காது. நிரூபணம் சில வரிகள்தான்.

அப்படி ஒரு தொடர்ச்சியான சார்பு f இருப்பதாகக் கொள்வோம். ஓரலகு வட்டத்தில் z = e^(it) என எழுதி, t-ஐ 0 முதல் 2π வரை ஓடவிடுவோம். f(z)-உம் e^(it/2)-உம் ஒரே எண்ணின் வர்க்கமூலங்கள். எனவே அவற்றின் விகிதம் c(t) = f(e^(it)) / e^(it/2) எப்போதும் +1 அல்லது −1. விகிதத்தின் மேலும் கீழும் உள்ளவை தொடர்ச்சியானவை, ஆகவே c(t)-ம் தொடர்ச்சியானது. +1, −1 என்ற இரு மதிப்புகளை மட்டுமே எடுக்கக்கூடிய தொடர்ச்சியான சார்பு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ முடியாது, ஆகையால் c மாறிலி. இப்போது இரு முனைகளையும் பாருங்கள். t = 0-இல் c = f(1)/1. t = 2π-இல் c = f(1)/(−1). இரண்டும் சமம் என்றால் f(1) = 0 ஆக வேண்டும். ஆனால் f(1)-இன் வர்க்கம் 1. இது முரண்பாடு.

இந்த நிரூபணத்தில் வட்டத்தின் ஆரத்துக்கு வேலையே இல்லை. ஆரம் 0.000001 ஆக இருந்தாலும் இதே முடிவுதான். சிக்கல் ஆதியை ஒட்டியே இருக்கிறது என்பதற்கு இது முதல் அடையாளம்.

## படி 3: ஆதி வெளியே இருக்கும் சுற்றையும் சோதியுங்கள்

மூலங்களை இடம் மாற்றுவது எது? சுற்றுவது மட்டுமா, ஆதியைச் சுற்றுவதா? −4-ஐ மையமாகவும் 1-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆதி இதற்கு வெளியே இருக்கிறது. வட்டத்தின் உச்சியான z = −4 + i-இல் w = 0.248 + 2.015i என்று தொடங்கி எதிர்க்கடிகாரத் திசையில் போகலாம். இடது முனையான −5-இல் w = 2.236i. அடிப்புள்ளியான −4 − i-இல் w = −0.248 + 2.015i. வலது முனையான −3-இல் w = 1.732i. மறுபடி உச்சிக்கு வந்தால் w = 0.248 + 2.015i. புறப்பட்ட மூலமே திரும்பக் கிடைத்துவிட்டது.

காரணம் கோணத்தில் இருக்கிறது. இந்த வட்டத்தில் z-இன் கோணம் 180°-க்கு இருபுறமும் சுமார் 14.5° வரை ஊசலாடிவிட்டுப் பழைய மதிப்புக்கே திரும்புகிறது. கோணம் 360° கூட வேண்டுமென்றால் பாதை ஆதியைச் சுற்றியே ஆக வேண்டும். பொதுவாக, ஒரு மூடிய பாதை ஆதியை எதிர்த்திசையில் n முறை சுற்றினால் கோணம் 360°·n கூடும், w-இன் கோணம் 180°·n கூடும். n ஒற்றை எண் என்றால் மூலம் குறிமாறும், இரட்டை எண் என்றால் மாறாது. கடிகாரத் திசையில் சுற்றினாலும் இதே கதிதான். ஆதியைப் போன்ற இத்தகைய புள்ளிக்குக் கிளைப்புள்ளி என்று பெயர்.

## படி 4: தளத்தை வெட்டுங்கள்

கணிப்பான்களும் கணினி மொழிகளும் √z-க்கு ஒரே விடையைத்தான் தருகின்றன. படி 2 அதற்குத் தடை சொல்லும்போது அவை எப்படிச் சமாளிக்கின்றன? தளத்தை எதிர்மறை மெய் அச்சின் வழியே வெட்டிவிடுகின்றன. கோணத்தை −180° < θ ≤ 180° என்று கட்டுப்படுத்தினால், எந்தப் பாதையும் வெட்டைக் கடக்காமல் ஆதியைச் சுற்ற முடியாது, தொல்லையும் வராது. இப்படிக் கிடைப்பது முதன்மை மதிப்பு. வெட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் அது குறிமாறித் தாவும். −4-க்குச் சற்று மேலே அதன் மதிப்பு ஏறத்தாழ 2i, சற்றுக் கீழே ஏறத்தாழ −2i.

பைதானில் இதை வெட்டின் மேலேயே பார்க்கலாம். கணினியின் மிதவைப் புள்ளி எண்களில் +0.0, −0.0 என இரு பூச்சியங்கள் உண்டு, அவை வெட்டின் இரு கரைகளைக் குறிக்கின்றன:

```python
import cmath
cmath.sqrt(complex(-4,  0.0))   # 2j
cmath.sqrt(complex(-4, -0.0))   # -2j
```

கற்பனைப் பகுதி பூச்சியம்தானே என்று அலட்சியமாக விட்டால், ஒரு நீண்ட கணக்கின் விடை குறிமாறி வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும்.

வெட்டு நாமாகப் போட்டது, சார்பில் இயல்பாக இருப்பது அல்ல. மேல்நோக்கிய கற்பனை அச்சில் வெட்டலாம், ஆதியிலிருந்து சுருளாகவும் வெட்டலாம். படி 3-இன் வட்டத்தில் முதன்மை மதிப்பு −5-இல் ஒருமுறையும் −3-இல் ஒருமுறையும் குறிமாறித் தாவுகிறது. இரண்டு தாவல்களும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் இறுதியில் தீங்கில்லை. எங்கே வெட்டினாலும் மாறாதது வெட்டின் தொடக்கப் புள்ளியான ஆதி மட்டுமே.

## படி 5: இரண்டு தாள்களை ஒட்டுங்கள்

வெட்டின் கரையில் நிற்கும்போது w தாவுவதில்லை, நாம்தான் அதைப் பலவந்தமாகத் திருப்புகிறோம். அதன் போக்கில் விட்டால் அது மற்ற மூலத்துக்குள் வழுவழுப்பாகச் செல்லும். ஆகவே மற்ற மூலத்துக்கும் ஒரு தளம் கொடுத்துவிடலாம். இதுதான் பெர்ன்ஹார்ட் ரீமான் 1851-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் யோசனை. அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சில் விக்டர் பியூசோ, கிளைப்புள்ளியைச் சுற்றும்போது மூலங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பதை ஆராய்ந்திருந்தார். அந்த இடமாற்றத்துக்கு ஒரு பரப்பைக் கொடுத்தவர் ரீமான்.

செய்முறை இது. z-தளத்தின் இரண்டு பிரதிகளைத் தாள்களாக எடுத்து, இரண்டையும் எதிர்மறை மெய் அச்சில் வெட்டுங்கள். முதல் தாளில் θ, −180° முதல் 180° வரை ஓடுகிறது. அங்கே w-இன் கோணம் −90° முதல் 90° வரை, அதாவது w-தளத்தின் வலது பாதி. இரண்டாம் தாளில் θ, 180° முதல் 540° வரை. அங்கே w-இன் கோணம் 90° முதல் 270° வரை, அதாவது இடது பாதி. z = 4 என்ற புள்ளி இரு தாள்களிலும் உண்டு. முதல் தாளில் அதன் w = 2, இரண்டாம் தாளில் −2.

இப்போது நான்கு கரைகள் இருக்கின்றன. எதை எதோடு ஒட்டுவது என்பதை w-இன் மதிப்பே சொல்லிவிடும். z = −4 அருகில் பாருங்கள். முதல் தாளின் மேல்கரையில் (θ = 180°) w = 2i, கீழ்க்கரையில் (θ = −180°) w = −2i. இரண்டாம் தாளில் θ = 180°-இல் தொடங்கும் கரை அச்சுக்குக் கீழே இருப்பது, அங்கே w = 2i. θ = 540°-இல் முடியும் மேல்கரையில் w = −2i. சமமான w உள்ள கரைகளை ஒட்டுங்கள்: முதல் தாளின் மேல்கரையை இரண்டாம் தாளின் கீழ்க்கரையோடும், இரண்டாம் தாளின் மேல்கரையை முதல் தாளின் கீழ்க்கரையோடும். மேலோடு மேலை ஒட்டினால் 2i-உம் −2i-உம் சந்திக்கும், சார்பு உடைந்துபோகும். ஒட்டியபின் சரிபார்க்க வேறெதுவும் வேண்டாம், ஒவ்வொரு ஒட்டிலும் இருபுறமும் w ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 1-இன் சுற்றை இந்தப் பரப்பில் மறுபடி போய்ப் பாருங்கள். முதல் தாளில் 4-இல் கிளம்பி, மேலே அரைவட்டம் போய், −4-இல் ஒட்டைக் கடந்து இரண்டாம் தாளின் கீழ்ப்பாதிக்குள் நுழைகிறோம். 360°-இல் மறுபடி 4-க்கு மேல் நிற்கிறோம், ஆனால் இரண்டாம் தாளில். தொடர்ந்து போனால் 540°-இல் இரண்டாவது ஒட்டைக் கடந்து முதல் தாளுக்குத் திரும்பி, 720°-இல் புறப்பட்ட புள்ளிக்கே வருகிறோம். மூன்றாம் தாள் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இதுவே பதில்: 720°-க்குப் பின் w-இன் மதிப்புகள் திரும்பவும் அவையே. கனமூலத்துக்கு 1080° வரை போக வேண்டும் என்பதால் மூன்று தாள்கள். மடக்கைக்கோ சுற்று ஒவ்வொன்றுக்கும் 2πi கூடிக்கொண்டே போகும், தாள்களுக்கு முடிவே இல்லை.

காகிதத்தில் இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒரு தடையைச் சந்திப்பார்கள். முதல் ஒட்டை ஒட்டியபின், இரண்டாவது ஒட்டு அதை ஊடுருவிச் செல்லாமல் முடியாது. படங்களிலும் எதிர்மறை அச்சின் மேல் பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்வதைக் காணலாம். அது முப்பரிமாண வெளியின் இடநெருக்கடி மட்டுமே, பரப்பில் அப்படி ஒரு சந்திப்பு இல்லை. பரப்பின் புள்ளிகள் w² = z என்பதை நிறைவுசெய்யும் (z, w) இணைகள். (−4, 2i)-உம் (−4, −2i)-உம் படத்தில் ஒரே இடத்தில் விழுந்தாலும் வேறு வேறு புள்ளிகள். பரப்பின் மேல் போகும் எறும்பு ஒன்றிலிருந்து மற்றதற்கு அங்கே தாவ முடியாது.

ஒரே z-க்கு மேல் இரு தாள்களும் உண்மையில் சந்திக்கும் இடம் ஆதி. அங்கே w = 0 என்ற ஒரே மூலம்தான் உண்டு, ஆகவே பரப்பிலும் ஒரே புள்ளிதான். முறுக்கிக் கிடப்பதுபோலத் தெரிந்தாலும் அந்தப் புள்ளியில்கூடப் பரப்பு வழுவழுப்பானது. பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு w, ஒவ்வொரு w-க்கும் ஒரு புள்ளி. z என்பது w² என்று தானாகக் கிடைத்துவிடுகிறது. இரண்டு தாள்களை வெட்டி ஒட்டி நாம் கட்டியது w-தளமே, வேறொன்றுமில்லை. வலது பாதி முதல் தாள், இடது பாதி இரண்டாம் தாள், இரண்டு ஒட்டுகளும் கற்பனை அச்சின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும்.

## படி 6: கணினியில் மூலத்தைப் பின்தொடருங்கள்

நடைமுறையில் ஒரு பாதையின் வழியே √z தொடர்ச்சியாக வேண்டும் என்றால், எந்தத் தாளில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அடியிலும் முந்தைய w-க்கு அருகிலுள்ள மூலத்தை எடுத்தால் போதும்.

```python
def follow(path, w):
    for z in path:
        r = cmath.sqrt(z)
        w = r if abs(r - w) <= abs(r + w) else -r
    return w

def circle(c, R, N):
    return [c + R*cmath.exp(2j*cmath.pi*k/N)
            for k in range(1, N + 1)]

follow(circle(0, 4, 16), 2)     # -2 (சிறு தோராயப் பிழையோடு)
```

இது எப்போது ஏமாற்றும்? அடிகள் பெரிதாக இருந்தால் என்று சொல்லலாம், ஆனால் அது முழு உண்மை அல்ல. 3.5-ஐ மையமாகவும் 4-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தை எடுங்கள். இடது முனை −0.5, எனவே ஆதி உள்ளேதான் இருக்கிறது. 7.5-இல் w = 2.739 என்று கிளம்பினால் −2.739 வர வேண்டும். N = 4 கொடுத்தால் சரியாக −2.739 வருகிறது. புள்ளிகளைக் கூட்டி N = 5 கொடுத்தால் +2.739 வருகிறது, தவறு. N = 7-இல் மீண்டும் சரி.

காரணம், அருகிலுள்ள மூலம் என்ற விதி வளைவைப் பின்தொடர்வதில்லை, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்த பலகோணத்தைப் பின்தொடர்கிறது. ஆதி வழியே போகாத எந்த நேர்கோட்டுத் துண்டிலும் z-இன் கோணம் 180°-க்குக் குறைவாகவே மாறும், w-இன் கோணம் 90°-க்குக் குறைவாக. ஆகையால் பலகோணத்தைப் பொறுத்தவரை விதி ஒருபோதும் தவறாது. ஆனால் N = 5-இல் இடப்பக்க நாண் 0.264 ± 2.351i என்ற இரு புள்ளிகளை இணைக்கிறது. ஆதி அந்த நாணுக்கும் வளைவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பலகோணத்துக்கு வெளியே போய்விட்டது. N = 4-இல் ஒரு முனை −0.5-இலேயே விழுவதால் ஆதி உள்ளே தப்பித்தது.

பாதுகாப்பான அடியின் அளவும் இதிலிருந்தே கிடைக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரையிலான வளைவின் நீளம், அந்தப் புள்ளியின் |z|-ஐ விடச் சிறிதாக இருக்கட்டும். அப்போது வளைவும் நாணும் ஆதி இல்லாத ஒரே வட்டுக்குள் அடங்கிவிடும், இடையில் ஆதி சிக்க வழியில்லை. பாதை ஆதியை நெருங்கும் இடங்களில் அடியைச் சுருக்கி, விலகிய இடங்களில் நீட்டிக்கொள்ளலாம்.

## படி 7: √(z² − 1)-இல் வெட்டை எங்கே விழவிடுவது

இங்கே +1, −1 என இரண்டு கிளைப்புள்ளிகள். ஒன்றை மட்டும் சுற்றினால் z² − 1-இன் கோணம் 360° கூடும், மூலம் குறிமாறும். இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் கோணம் 720° கூடும், மூலம் மாறாது. எனவே முடிவிலி வரை வெட்டத் தேவையில்லை, −1 முதல் 1 வரையிலான துண்டை வெட்டினாலே போதும். அதற்கு வெளியே தாவல் இல்லாத ஒற்றைச் சார்பு கிடைத்துவிடும். தனி √z-க்கு அப்படிச் செய்ய முடியாது, ஏனெனில் அதன் இன்னொரு கிளைப்புள்ளி முடிவிலியில் இருக்கிறது. வெட்டு அங்கே வரை போயே ஆக வேண்டும்.

ஆனால் கணினியிடம் cmath.sqrt(z*z - 1) என்று கேட்டால் இந்த வெட்டு கிடைப்பதில்லை. z² − 1 எதிர்மறை மெய்யெண்ணாகும் இடமெல்லாம் அது தாவும், அதில் கற்பனை அச்சு முழுவதும் அடங்கும். z = 0.01 + 2i-இல் விடை ஏறத்தாழ +2.236i, z = −0.01 + 2i-இல் ஏறத்தாழ −2.236i. மாறாக இப்படி எழுதுங்கள்:

```python
cmath.sqrt(z - 1) * cmath.sqrt(z + 1)
```

இப்போது கற்பனை அச்சின் இருபுறமும் ஏறத்தாழ +2.236i தான் வரும். −1-க்கு இடப்புறம் மெய் அச்சைக் கடக்கும்போது இரண்டு காரணிகளும் ஒரே நேரத்தில் குறிமாறுகின்றன, பெருக்கற்பலன் மாறுவதில்லை. −1-க்கும் 1-க்கும் இடையே கடந்தால் முதல் காரணி மட்டும் குறிமாறுகிறது, அங்கேதான் வெட்டு மிஞ்சுகிறது. இயற்கணிதத்தில் சமமாகத் தெரியும் இந்த இரு வடிவங்களும் வெட்டுகளைப் பொறுத்தவரை வேறு வேறு சார்புகள். √a·√b = √(ab) என்பதை முதன்மை மதிப்புகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாததும் இதனால்தான். a = b = −1 என்றால் கோணங்களின் கூட்டுத்தொகை 180° + 180° = 360°, அதாவது பெருக்கற்பலன் இரண்டாம் தாளில் இருக்கும் 1. அதன் மூலம் −1. √(ab) என்று எழுதிய கணமே அந்த 1 முதல் தாளுக்கு இழுக்கப்பட்டு, விடை +1 ஆகிவிடுகிறது.